ரூபாய்க்கு ஓரணா

வலியசாலை அக்ரகாரத்தில் என்னை நல்ல பிள்ளை என்பார்கள். நல்ல பிள்ளையை ஏமாற்றுவது சுலபம் என்பதை என் அக்காவின் புருஷனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அத்திம்பேர் ஒரு நெசவு மில்லில் தலைமைக் கணக்கர். சம்பளக் கணக்கு எழுத என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். சேமநிதிச் சட்டம் வந்த புதிது. சம்பளத்தில் ரூபாய்க்கு ஓரணா பிடிக்க வேண்டும், மில்லும் தன் பங்காக ஓரணா போட வேண்டும். பிடித்தம் என்றதும் தொழிலாளிகள் முறைத்தார்கள். "நீ தமிழ்லயும் மலையாளத்துலயும் எடுத்துச் சொல்லுடா, உன்னை நம்புவா" என்றார் அத்திம்பேர். சொன்னேன். நம்பினார்கள்.

நூல் சுற்றும் பிரிவில் நாஞ்சில் நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். மொத்தச் சம்பளம் நாற்பத்தெட்டு ரூபாய். மூன்று ரூபாய் பிடித்தம் போக, கையில் நாற்பத்தைந்து. மாதக் கடைசியில் மொத்தச் சம்பளத்தைச் செலவில் பற்று எழுதுவேன். பிடித்ததைச் சேமநிதி பாக்கியிலும், கையில் கொடுக்க வேண்டியதைச் சம்பள பாக்கியிலும் வரவு வைப்பேன். மில்லின் மூன்று ரூபாய்க்குத் தனிப் பதிவு: அதுவும் செலவில் பற்று, சேமநிதி பாக்கியில் வரவு. அதோடு என் வேலை முடிந்தது. பணம் கட்டுவதும், ரொக்கப் புத்தகமும், பேரேடும் அத்திம்பேர் பொறுப்பு. அந்தப் புத்தகங்களை அவர் பீரோவில் பூட்டி வைப்பார். சொந்தக்காரரைச் சந்தேகிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

பிடித்தம் தொடங்கிய ஏழாம் மாதம் அவளுக்கு நெஞ்சில் காசம் என்றார்கள். இனி வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வைத்தியத்துக்கு அந்த நிதிப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள். மனுவை நான்தான் எழுதினேன். அந்த மில்லிலிருந்து இதுவரை ஒரு காசும் வரவில்லை என்று நிதி ஆபீசிலிருந்து பதில் வந்தது.

அத்திம்பேர் ஊருக்குப் போயிருந்தார். சம்பளக் கணக்கு ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சாவி வாங்கி, பேரேட்டைத் திறந்தேன். சேமநிதி பாக்கிப் பக்கத்தில் ஏழு மாத வரவு, என் பதிவுகள், வரிசையாக. பணம் கட்டியிருந்தால் எதிர்ப்பக்கம் பற்று விழுந்திருக்கும். அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "பஞ்சு வாங்கப் பணம் முட்டா இருந்தது, முதலாளி சொன்னார். அதுக்குத்தான் பாக்கின்னு எழுதறோமே, எங்க ஓடிடப் போறது?" என்றார். வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

மறுநாள் அவள் இருமிக்கொண்டு கணக்கு அறை வாசலுக்கே வந்துவிட்டாள். "எனக்குள்ள பணம் எங்க?"

அத்திம்பேர் தலை நிமிரவில்லை. என் பதிவுப் புத்தகத்தை மேசையில் அவள் பக்கம் தள்ளினார். "பிடிச்சது இவன், எழுதினது இவன், ஒப்பும் இவனுது. இவனைக் கேளு."

அவளுக்கு எழுத்து தெரியாது. புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"சாமி சொன்னதைக் கேட்டுல்லா நான் சம்மதிச்சேன்" என்றாள்.