மலைக் குளிர்மேல் போட்ட பழி

ஏற்காட்டு ஹோட்டலில் பரோட்டா வீசும் செங்கோடனுக்கு வயிறு கல்லாய்க் கிடந்து நாலு நாளாயிற்று. கீழே சேலத்து வெயிலில் வளர்ந்தவர் ஆயிற்றே, பழியை மலைக் குளிர்மேல் போட்டுவிட்டு, காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, வழக்கம்போல மூன்று வேளையும் பரோட்டாவையே சாப்பிட்டார். அடுப்பை விட்டு அடிக்கடி ஒதுங்கவேண்டி வரும் என்று தண்ணீரையும் குறைத்துவிட்டார்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் இதைச் சொன்னதும், நர்ஸ் பிரேமலதா சிரித்தே விட்டாள். "குளிரு என்னங்க பண்ணும்? மைதாவுல தவிட்ட எடுத்துருவாங்க, நார்ச்சத்து நொம்பக் கம்மி. நாரும் தண்ணியும் சேந்தாத்தான் மலம் இளகி நகரும். பரோட்டாவுல இத்தன எண்ணெ வேற, எரப்பைய விட்டு எறங்கவே நேரமாவும்."

மறுநாள் காலை, மஞ்சக்குட்டையிலிருந்து ஹோட்டலுக்குப் பால் கொண்டுவரும் மாதம்மாளிடம் விஷயத்தைச் சொல்லி, "அந்தத் தவிடெல்லாம் எங்கதான் போவுதுங்க?" என்று அங்கலாய்த்தார்.

"எம்மாட்டுக்குத்தானுங்க வாங்கிப் போடறேன்," என்றாள் அவள், பாலை ஊற்றிக்கொண்டே. "அதுக்கு ஒருநாளும் இந்தத் தொந்தரவு வந்ததில்லீங்க."

அன்று மதியம் செங்கோடன் ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டு, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். மப்ளரை மட்டும் கழற்றவில்லை. பழி குளிர்மேலேயே இருக்கட்டும்; மாட்டிடம் தோற்றது ஊருக்கு எதற்குத் தெரியவேண்டும்?