ருசிக் கட்டத்தில் நான் சொன்ன பதில்

கடலை மிட்டாய் கம்பெனியில் எனக்கு வேலை வாயால்தான். லாரியில் வரும் கடலைப்பருப்பில் மாதிரி எடுத்து, வறுத்து, ரெண்டு பருப்பை மென்று பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும். நான் அஞ்சாம் வகுப்புதான். பேசவும் வராது. ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய்விடுவேன். ஆனால் கடலை என் நாக்கை ஏமாற்ற முடியாது என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

முன்னால் எல்லாம் ஸ்டோர்க்காரர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். "என்னக்கா, இறக்கலாமா?" என்பார். நான் தலையை ஆட்டினால் மூட்டை உள்ளே போகும். கம்ப்யூட்டர் வந்த பிறகு தலையாட்டலுக்கு மதிப்பில்லை. சரக்கு கேட்டுக்குள் வந்து வரவு போட்டதும் அது 'சோதனையில்' என்று கம்ப்யூட்டரில் நிற்கும். அப்படி நிற்கிற மூட்டையை யாரும் தொட முடியாது. மிட்டாய்ப் பகுதியில் கேட்டால் கம்ப்யூட்டர் கொடுக்காது. எதெதைப் பார்க்க வேண்டும் என்று முன்னாலேயே ஒரு திட்டம் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பது மூட்டை வந்தால் அஞ்சு மூட்டையில் மாதிரி. ஈரம், உடைசல், கல் மண், பூஞ்சணம், கடைசியாக ருசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அஞ்சு கட்டத்திலும் பதில் விழுந்தால்தான் ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவைப் போட விடும். ஏற்றால் மூட்டை புழக்கத்துக்குப் போகும். தள்ளினால் 'தடுத்து வைத்தது' என்று மாறிவிடும், மூட்டையில் சிவப்புச் சீட்டு கட்டி, கம்பி வேலி போட்ட மூலையில் அடுக்கி, கொண்டு வந்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும்.

கம்ப்யூட்டரில் உட்காருவது ஒரு சின்னப் பெண். கோவில்பட்டியிலேயே காலேஜ் படித்தவள், வேலைக்கு வந்து ஆறு மாசம். மெஷினில் ஈரம் பார்ப்பாள், தராசில் உடைசல் பார்ப்பாள், கடைசியில் என் முகத்தைப் பார்த்து "ருசிம்மா?" என்பாள். நான் சொல்வதை அப்படியே தட்டுவாள். பக்கத்தில் என் ஆள் நம்பரும் விழும்.

நோன்பு மாசம் வந்தால் வழக்கமாக எனக்குப் பதில் இன்னொரு பொம்பிளை மென்று பார்ப்பாள். அந்த வருசம் அவள் மகள் பிரசவத்துக்கென்று சாத்தூர் போய்விட்டாள். முதல் நோன்பன்றைக்கே நான் மானேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் ருசி பார்க்க வேறு ஆளைப் போட்டு, என்னைச் சொத்தைப் பருப்பு பொறுக்குகிற தரைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அங்கே காலை மடக்கிச் சம்மணம் போட்டு எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். என் முழங்கால் அதற்கு ஆகாது. ஒரு மாசம் கழித்து ருசி பார்க்கிற ஸ்டூல் எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்பதும் தெரியாது.

வாயில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அதனால் மூக்கை வைத்துப் பார்த்தேன். வறுத்த பருப்பை விரலில் நசுக்கி மோந்தேன். எண்ணெய் கெட்டுப்போன சிக்கு வாடை இருந்தால் மூக்குக்குத் தெரிந்துவிடும். முதல் பத்து நாள் வந்த சரக்கெல்லாம் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் "ருசிம்மா?" என்று அவள் கேட்பாள், "நல்லது" என்பேன். அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மென்றேனா என்று ஒரு நாளும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தேவலை.

கசப்பு மட்டும் மூக்குக்கு எட்டாது. அது நாக்குக்குத்தான்.

பதினோராம் நோன்பு. ஓட்டப்பிடாரம் பக்கத்து வியாபாரி ஒருவர் நாற்பது மூட்டை அனுப்பியிருந்தார். நோன்புக்கு முந்தின வாரம் அவருடைய பன்னிரண்டு மூட்டையைக் கசப்பு என்று நான்தான் தள்ளியிருந்தேன். அது சிவப்புச் சீட்டோடு மூலையில் கிடந்தது. புதுச் சரக்கை இறக்கிவிட்டு, அதே லாரியில் பழைய பன்னிரண்டையும் ஏற்றி அனுப்பினார் ஸ்டோர்க்காரர். வெயில் மண்டையைப் பிளந்தது. மிட்டாய்ப் பகுதியில் இருந்து ஆள் வந்து வாசலில் நின்றான்.

"பருப்பு இல்லாம அடுப்பு சும்மா எரியுது. சீக்கிரம் விடுங்க."

பருப்பை நசுக்கி மோந்தேன். வாடை இல்லை.

"ருசிம்மா?"

"நல்லது."

பச்சைப் பட்டனை அமுக்கினாள். நாற்பது மூட்டையும் புழக்கத்துக்குப் போயிற்று.

மறுநாள் மத்தியானம் மானேஜர் கையில் ஒரு மிட்டாய்த் துண்டோடு எங்கள் அறைக்கு வந்தார். கசக்கிறது என்றார். அதற்குள் பதினாலு மூட்டை மிட்டாயாகிவிட்டது. எந்தப் பெட்டி எந்தச் சரக்கில் செய்தது என்று நம்பர் பிடித்து அத்தனை பெட்டியையும் நிறுத்தச் சொன்னார். பாக்கி இருபத்தாறு மூட்டையையும் கம்ப்யூட்டரில் மறுபடியும் சோதனைக்குள் இழுத்துப் போட்டு, முதலாளி வரும் வரை தொடாமல் வைக்கச் சொன்னார். பிறகு அன்றைய பதிவைத் திறந்து பார்த்தார்.

"ருசி நல்லதுன்னு இருக்கே. அக்கா நாக்கு தப்பாது. அப்ப வந்த சரக்கு நல்ல சரக்குதான்." பதிவில் இன்னும் கொஞ்சம் கீழே போனார். "தள்ளுன பன்னிரண்டு மூட்டை அன்னைக்குத்தானே போச்சு? ஒரே வியாபாரி, ஒரே மாதிரி சாக்கு. புதுசுல பன்னிரண்ட ஏத்தி விட்டுட்டு கெட்டத உள்ள வச்சிருக்கான்."

ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டார்.

அவர் இருபது வருசமாக இந்த ஸ்டோரில் இருப்பவர். வாய் ஓயாது. காலையில் என்னைக் கண்டால் "என்னக்கா, இன்னைக்கு எத்தன லாரிய திருப்பி அனுப்பப் போறீய?" என்று ஏதாவது சீண்டாமல் போகமாட்டார். அன்றைக்கு அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"சார், சிவப்புச் சீட்ட பாத்து பாத்துல்லா ஏத்துனேன். ஒவ்வொண்ணா எண்ணி ஏத்துனேன்."

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. சீட்ட அவுத்து வேற மூட்டையில கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? வியாபாரி என்ன குடுத்தாரு?"

"என்ன சார் இப்படிக் கேக்கீய?"

"சாவிய வச்சிட்டுப் போ. முதலாளி வெளியூர்ல இருந்து வந்ததும் பேசிக்கிடலாம்."

சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். போகும்போது என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களாவது சொல்லுங்க, நான் அப்படிப்பட்டவனா?" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

என் தலைக்கு மேலே அலமாரியில் ஒரு டப்பா இருந்தது. ஒவ்வொரு சரக்கிலும் எடுத்த மாதிரியில் அரைக் கிலோவை நம்பர் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். அதுவும் திட்டத்தில் இருக்கிறது. பதினோராம் நோன்பன்று எடுத்த பருப்பு அந்த டப்பாவில் அப்படியே இருந்தது. அது கசந்தால் சரக்கு வரும்போதே கசப்பு, ஸ்டோர்க்காரர் மேல் குற்றமில்லை, பொய் சொன்னது நான். இதை நான் அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போனால் நோன்புக் கஞ்சியை அப்படியே வைத்துவிடுவேன். தொழுகையில் நின்றால் ஓதுவது பாதியில் நின்றுவிடும். நோன்பைக் காப்பாற்றத்தான் மெல்லவில்லை, ஆனால் நோன்பு வாயோடுதான் 'நல்லது' என்று பொய் சொன்னேன். அப்புறம் என்ன நோன்பு என்று எனக்கே தோன்றும். காலையில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணுவேன். பஸ்ஸில் வரும்போதே வார்த்தையை அடுக்கிக்கொண்டு வருவேன். மானேஜர் அறை வாசல் வரை போய், உள்ளே ஆள் இருக்கிறது என்று திரும்பிவிடுவேன். ஆள் இல்லாதபோதும் திரும்பினேன். எங்கள் அறையில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. நிமிர்ந்து அலமாரியைப் பார்க்கவும் முடியவில்லை. வெளியே ஏற்றுகிற ஆட்கள் பேசுவது ஜன்னல் வழியாகக் காதில் விழும்.

"ஏலே, ஸ்டோர்க்காரர் வீட்டுல புது பைக்கு நிக்கில்லா? இப்பல்ல தெரியுது."

"மகன் சம்பாத்தியம்னு சொன்னாவ."

"ஆமா, சொல்லத்தான் செய்வாவ."

இப்படி ரெண்டு நாள் போயிற்று. மூணாம் நாள் கம்ப்யூட்டர்ப் பெண்ணுக்குத்தான் டப்பா நினைவு வந்தது. திட்டத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு மானேஜரிடம் ஓடினாள். அவரைக் கையோடு கூட்டி வந்தாள். ஸ்டோர்க்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டப்பாவை இறக்கி, ஒரு கைப்பிடி வறுத்து, ஆறவைத்து, தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"பாத்துச் சொல்லுங்கம்மா."

என் கை போகவில்லை.

"நான் நோன்பு" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

மானேஜர் காதில் விழுந்துவிட்டது. "அட, ஆமால்ல. நான் ஒரு மடையன். விடுங்கக்கா, நானே பாக்குதேன்." தட்டில் கை வைத்தார்.

அவர் அப்படி மரியாதையாக விட்டுவிட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பேசாமல் இருந்தால்கூட அவர் மென்றதும் எல்லாம் வெளியே வந்திருக்கும். ஆனால் அது அவர் கண்டுபிடித்ததாகப் போயிருக்கும்.

"அன்னைக்கும் நான் நோன்புதான் சார்."

அவர் கை அப்படியே நின்றது.

"வாயில வைக்கல. மோந்துதான் பாத்தேன். நோன்பு தொடங்குனதுல இருந்தே அப்படித்தான்."

மானேஜர் ரெண்டு பருப்பை எடுத்து மென்றார். ஜன்னலுக்குப் போய் வெளியே துப்பினார். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள், அவள் தட்டிய பதிவு அது. மானேஜர் என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். அவ்வளவுதான். நோன்பு தொடங்கியதில் இருந்து வந்த சரக்கு எல்லாவற்றின் டப்பாவையும் இறக்கி வேறு ஆளை வைத்து மறுபடியும் பார்க்கச் சொன்னார். வேறெதுவும் கசக்கவில்லை.

பழைய பதிலை அழிக்க முடியாது என்றாள் அந்தப் பெண். 'நல்லது' என்பது என் நம்பரோடு அப்படியே இருக்கும். அதற்குக் கீழே புதுப் பதிலும், மாற்றியதற்குக் காரணமும் எழுத வேண்டும். "என்ன காரணம்னு போடட்டும்?" என்று என்னைக் கேட்டாள். ருசி பார்க்காமல் சொன்னது என்று போடு என்றேன். போட்டாள். இருபத்தாறு மூட்டையும் தடுத்து வைத்ததாக மாறியது. திருப்பி அனுப்புகிற சீட்டு அச்சாகி வந்தது. மிட்டாயாகிப் போன பதினாலைத் திருப்ப முடியாது.

ருசிக் கட்டத்தில் இனி ரெண்டு பேர் மென்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று திட்டத்தை மாற்றிவிட்டார்கள். நோன்பு முடிகிற வரை நான் பொறுக்குகிற தரையில். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டோர்க்காரர் சாவியை வாங்கிக்கொண்டு கம்பி வேலிப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"தம்பி, என்ன மன்னிச்சிருங்க."

அவர் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த டப்பா அங்கன இருக்குன்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியும்லாக்கா?"

"தெரியும்."

"ரெண்டு நாளு" என்றார். "எம்மவன் வண்டியையும் சேத்துப் பேசுனாவ."

நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சிவப்புச் சீட்டுக் கட்டைப் பிரித்து, பாதியை என் பக்கம் ஒரு மூட்டை மேல் வைத்தார். நான் இந்தக் கோடியில் இருந்து கட்டினேன், அவர் அந்தக் கோடியில் இருந்து கட்டினார். ஆளுக்குப் பதிமூணு.