கண்ணாடியில் விழுந்த குழந்தை

இன்றைக்கும் அந்தப் பெரிய மனிதரை நினைத்தால் வாயில் கசப்பு ஊறுகிறது. யுத்தம் முடிந்த சமயம், அரியலூரில் நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். மருமகளைப் படம் எடுக்க வேண்டும் என்று வந்து கூப்பிட்டார். அவளுக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் தனி அறையில் கிடந்தாள்.

அறைக்கு வெளியே, ஜன்னலுக்கு எதிரில் காமிராவை நிறுத்தினேன். உள்ளே அரை இருட்டு, வெளியே கொளுத்தும் வெயில். கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. என் காமிராவும் அந்த மனிதரின் வெள்ளை வேட்டியும்தான் தெரிந்தன. "ஜன்னலைத் திறந்துடுங்க, நோயாளிக்கும் காத்து வேணும்" என்றாள் நர்ஸ். "தெறந்தா அந்தக் காத்து எங்க மேல படும்மா" என்று அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி மறைக்கலாம் என்றேன். "கறுப்பா? அபசகுனம்!" என்று துள்ளினார். உயிரோடு இருக்கிறவளைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவருக்குச் சகுனம் ஒரு கேடு.

வேறு வழியில்லாமல் காமிராவை ஒரு பக்கமாக நன்றாக நகர்த்தினேன். ஊருக்குத் திரும்பிய பட்டாளத்து அதிகாரி ஒருவரிடம் வாங்கிய பில்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அதை லென்ஸுக்கு முன்னால் வைத்து மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் கண்ணாடியின் பளபளப்பு அடங்கிவிடும். நேருக்கு நேர் நின்றால் அது வேலை செய்யாது, சாய்வாக நின்றால்தான் செய்யும். ஆனால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அது விழுங்கிவிடும், லென்ஸை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும்.

சாய்வாகப் பார்த்தபோது கண்ணாடியில் இன்னொரு உருவம் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே, எனக்கு எதிர்ப்பக்கத்தில் அவளுடைய தம்பி நின்றான். அவன் இடுப்பில் அவளுடைய ஒரு வயசுப் பெண் குழந்தை. "புள்ள படத்துல வரக் கூடாது" என்றார் மாமனார். பில்டரைத் திருப்பினேன். குழந்தை மறைந்தது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் தெளிவாகத் தெரிந்தாள். இருமாமல் இருக்கச் சொல்லி, நெகட்டிவ் தகட்டில் ஒரு படம் எடுத்தேன். அவர் திருப்தியாக வண்டிக்குப் போய்விட்டார்.

அப்போது அவள் குழந்தையைக் கைகாட்டினாள். பிறகு தன் மடியைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே விடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரே படத்தில் இருக்க ஆசை. கட்டில் கண்ணாடிக்கு எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் தம்பியை வெளியே நிற்கச் சொன்னேன். அப்போதுதான் இரண்டு முகமும் கலங்காமல் விழும். பில்டரை மறுபடி திருப்பினேன். குழந்தை திரும்பி வந்து, அவள் மடிக்கு மேல், பின்சுவரின் இருட்டில் உட்கார்ந்தது. இன்னொரு தகடு எடுத்தேன்.

முதல் தகட்டில் ஒரு வெளிச்சக் கோடு மட்டும் மிச்சம் இருந்தது. நெகட்டிவில் அது கறுப்பாக இருக்கும். கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். படத்தை வாங்க வந்த மாமனார், அந்த வேலையையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே சொன்னார்: "பெரம்பலூர்ல மவனுக்கு வேற பொண்ணு பாத்திருக்கோம். இவ பொழைக்க மாட்டான்னு அவங்க நம்பணும்ல? புள்ள இல்லேன்னு சொல்லிட்டோம்."

என் கத்தியையும் பில்டரையும் எதற்குப் பயன்படுத்தியிருக்கிறான் இந்த ஆள்! இரண்டாவது தகட்டில் ஒரு பிரதி போட்டு அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு மறுநாளே பெரம்பலூர் பஸ் ஏறி, பெண் வீட்டை விசாரித்துப் போனேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை போகிற விஷயம், பெற்ற தகப்பன் பதறுவான் என்று நம்பினேன்.

பெண்ணின் தகப்பனார் மரியாதையான ஆள். மோர் கொடுத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது அவங்க புள்ளதானா?"

"ஆமாங்க. அம்மாவும் உசுரோடதான் இருக்கு. தேறிடும்னு நர்ஸ் சொல்றாங்க."

அவர் எழுந்து போய் உள்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும் தம்பி. ஊட்டுப் பொம்பளைங்களுக்குத்தான் தெரியாது. நல்ல எடம், விட மனசில்லை. நேத்து சம்பந்தி வந்து சொன்னாரு, ஏதோ கோடெல்லாம் சுரண்டி எடுத்தீங்களாமே, அது மாரி தகட்டுல இருக்குற இந்தப் புள்ளையையும் சுரண்டிடுங்களேன்."

படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வருஷத் தையில் கல்யாணம் நடந்தது. படம் எடுக்க வரச் சொல்லி இரண்டு வீட்டாரும் எனக்கே ஆள் அனுப்பினார்கள்.