கணுக்காலை மட்டும் பார்த்தவர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் அறுவடைக்காலம். கல்முனையில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்த எனக்கு அன்று லீவு. காலை பத்து மணிக்கு என் கணவரை யாரோ சைக்கிள் பின்னால் ஏற்றி வந்து இறக்கிவிட்டுப் போனார். வயலில் ட்ரக்டர் பெட்டியிலிருந்து குதித்தபோது பாதம் உள்பக்கமாகப் புரண்டுவிட்டதாம். கணுக்கால் வீங்கிக் கிடந்தது.

“சுளுக்குத்தான் புள்ள. எலும்பு ஒடஞ்சா வெரல் அசையுமா? இந்தா பாரு” என்று ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டினார்.

வார்டில் இதே கதையை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! எலும்பு உடைந்தாலும் விரல் அசையும். சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

அதற்குள் அவருடைய அண்ணன், எங்கள் வழக்கில் காக்கா, எண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டார். “சூடாக்கி உருவி விட்டா அந்திக்குள்ள நடப்பான்.”

“மச்சான், உருவாதீங்க. ஒடஞ்சிருந்தா இன்னும் வெலகிப் போகும். நான் பார்க்கிறன்.”

“நீ பொம்புளைகள்ற பிரசவத்தப் பாருகா” என்றார் காக்கா.

முதலில் விரல்களைத் தொட்டேன். சூடாக இருந்தன. நகத்தை அழுத்தி விட்டதும் சிவப்புத் திரும்பியது. மரத்துப் போகவும் இல்லை. வெளுத்து, குளிர்ந்து, உணர்வு கெட்டிருந்தால் பேசிக்கொண்டிருக்கவே நேரமில்லை. பிறகு கணுக்காலின் இருபக்க எலும்புகளையும் பின்விளிம்பிலிருந்து நுனிவரை விரலால் அழுத்தினேன். அசையாமல் இருந்தார். வீங்கிய சதையில்தான் நோவு.

“கேட்டியா, சுளுக்கு!” என்றார் காக்கா.

சுளுக்குத்தானோ என்று எனக்கே பாதி மனது சொன்னது. வீக்கமில்லாத இடம்தானே என்று விட்டுவிடப் பார்த்து, கடைசியாகப் பாதத்தின் வெளிவிளிம்பில், சின்னவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் புடைத்திருக்கும் எலும்பை அழுத்தினேன்.

“யா அல்லாஹ்!” அவர் கத்தியதில் காக்கா போத்தலைக் கீழே வைத்துவிட்டார்.

“எழும்பி நாலு அடி வைங்க பாப்பம்.”

இரண்டாம் அடியில் என் தோளைப் பிடித்துத் தொங்கினார்.

“எலும்பிலேயே நோகுது, நாலு அடி வைக்க ஏலா. இண்டைக்கே எக்ஸ்ரே எடுக்கணும்.”

“நாளைக்குப் பாப்பமே புள்ள. வயல்ல ஆள் நிக்குது.”

“நாளைக்கு வீக்கம் கூடும். வாங்க!”

இரண்டு பலகைத்துண்டுகளைத் துணி சுற்றிக் காலின் இருபக்கமும் வைத்துக் கட்டி, ஒரு காரில் ஏற்றினேன். எக்ஸ்ரேயில் கணுக்கால் சுத்தமாக இருந்தது. நான் கடைசியாக அழுத்திய எலும்பு வெடித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு, ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளைக்கு, ஊன்றக்கூடாது, நனைக்கக்கூடாது என்று டொக்டர் என் முன்னால்தான் சொன்னார்.

ஒன்பதாம் நாள் நான் டியூட்டி முடிந்து வரும்போது வீட்டில் ஆளில்லை. கட்டுக்கு மேலே பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, காக்காவின் துணையோடு வயலுக்குப் போயிருந்தார். அடிப்பக்கம் ஊறிக் குழைந்த கட்டோடு திரும்பி வந்தவரை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், என்னோடு வேலை செய்கிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். இரண்டாவது கட்டு நாற்பத்தைந்து நாள் இருந்தது.