பாலக்காவின் விரல்

அந்தச் சாப்பாட்டுக் கடையில் எல்லோருக்கும் அவர் பாலக்கா. புதிதாக வருகிறவர்கள் மாட்டுப்பால் விற்கிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பிழிவது தேங்காய்ப்பால். கணவர் போனபின் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்த வாரமே தேங்காய்த் துருவியைக் கையில் எடுத்துவிட்டார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று எந்த வாயும் பேசிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கடையை நடத்துவது தம்பியும் தம்பி மனைவியும். எதிரே வரிசையாகப் பட்டறைகள். மதியம் கிரீஸ் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிறவர்கள், சோறு விழும் முன்பே குழம்பைக் கேட்பார்கள். துருவலில் வெந்நீரைத் தெளித்துப் பிழிந்த கெட்டியான முதல் பாலை, அடுப்பைத் தணித்துவிட்டுக் கடைசியில்தான் பாலக்கா ஊற்றுவார். குழம்பின் ஓரத்தில் எண்ணெய் பொட்டுப் பொட்டாக மினுங்கும்.

ஒருநாள் கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"ரொம்ப வலிக்குதா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"வலி கிடக்கட்டும். நாளைக்குப் பால் யாரு பிழியறது?"

"அவர் டின்னுல அடைச்ச தேங்காப்பால் வாங்கியாந்துட்டார். பவுடரும் இருக்கு. நீங்க பேசாம உட்காருங்க."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்த 'உட்காருங்க' பாலக்காவுக்கு மணிக்கட்டைவிட அதிகமாக வலித்தது.

மறுநாள் தம்பி மனைவி டின்னைத் திறந்தாள். மேலே வெண்ணெய் போல உறைந்து கிடந்தது. "இவ்வளவு கெட்டியா!" என்று தண்ணீரை ஊற்றிக் கலக்கினாள். அண்ணி பிழியும் பாலைப் போலவே ஒழுகும்வரை ஊற்றினாள். பார்வைக்கு வித்தியாசமே இல்லை.

சாப்பிட்டவர்கள் தட்டில் குழம்பை மிச்சம் வைத்தார்கள். லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏன்க்கா, குழம்பு இன்னிக்குக் குளிச்சிட்டு வந்திருக்கா? தலையைக்கூடத் துவட்டல போல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவர் பாலக்கா. நம் கை இல்லாமல் முடியுமா என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

பாத்திரம் கழுவும் நேரம்வரைதான் அது இருந்தது. மிஞ்சிய குழம்பைத் தம்பி சாக்கடையில் சாய்ப்பதைப் பார்த்ததும் குளிர்ச்சி வற்றிப் போனது. டின் பாலைச் சரிசெய்து கொடுத்தால் தன் கைக்கு வேலை போய்விடும். கொடுக்காவிட்டால் கடையே போய்விடும். முக்காலியில் உட்கார்ந்து மாவுக்கட்டை மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு தம்பிக்குக் குரல் கொடுத்தார்.

"டேய், ஒரு தேங்கா உடை. துருவிப் பிழி."

"நானா?"

"பின்ன, லேத்காரனா? ... அது என்ன கைக்குழந்தையா, தடவிக்கிட்டே இருக்கே? அழுத்திப் பிழிடா!"

அவன் பிழிந்த பால் ஒரு டம்ளரில். காலையில் கலந்த டின் பால் இன்னொன்றில். பாலக்கா இடது கை விரலை இரண்டிலும் மாறி மாறித் தோய்த்துக் கட்டைவிரலோடு தேய்த்தார். பிழிந்த பால், துடைத்த பிறகும் விரலில் பிசுபிசுத்தது. டின் பால் முதலில் கஞ்சி போல வழுக்கியது. அப்புறம் வெறும் தண்ணீர்.

"கெட்டியாத் தெரியறதுக்கு இதுல என்னமோ சேர்த்திருக்கான். கண்ணை நம்பி ஊத்திட்டே."

தம்பி மனைவி டின்னைத் திருப்பிப் படித்தாள். "ஆமா அண்ணி, கெட்டியாக்கற பசை சேர்த்திருக்குன்னு போட்டிருக்கு!"

இன்னொரு டின்னை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிற்கவைத்தார்கள். மேல் ஆடை இளகியதும் நன்றாகக் குலுக்கித் திறந்தார்கள். கொஞ்சம் தண்ணீர், தோய்த்துப் பார்க்க ஒரு விரல். இன்னும் கொஞ்சம், ஒரு விரல். டின்னை அலசிய தண்ணீரே போதும் என்று பாலக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பவுடருக்கு ஒரு கப்புக்கு நாலு கப் தண்ணின்னு போட்டிருக்கே?" என்றாள் தம்பி மனைவி.

"அது ரெண்டாம் பாலுக்குப் போட்டது. காய் வேகவைக்க ஆகும். முதல் பாலுக்கு வெதுவெதுன்னு கொஞ்சம் விட்டு, கட்டியில்லாம குழைச்சுக்கோ. அப்புறம் மெதுவா இளக்கு."

ஒரு கப் பவுடருக்கு ஒரு கப் தண்ணீர் என்று வந்தபோது விரல் ஒத்துக்கொண்டது. நாக்கில் வைத்துப் பார்த்து, "லேசா இனிக்குது. புளியைத் தூக்கலா விடு. இறக்கும்போது ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். இதுங்க தானா எண்ணெய் விடாது" என்றார்.

மறுநாள் தட்டுகள் வழித்த மாதிரி திரும்பி வந்தன. லேத்காரர் இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டு கேட்டார்: "அக்காவுக்குக் கட்டு பிரிச்சாச்சா?"

"இன்னும் இல்ல. விரல்தான் வந்து பார்த்துச்சு" என்றாள் தம்பி மனைவி. அவருக்குப் புரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார்.

கட்டுப் பிரித்த அன்று அவள் துருவியையும் தேங்காய்களையும் எடுத்து அண்ணி முன்னால் வைத்தாள். "இனி உங்க பாடு."

பாலக்கா துருவியைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை வருஷம் தோள்பட்டையைத் தின்றது இதுதானா என்பது போல எடை பார்த்தார். பிறகு பரண்மேல் ஏற்றச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமைக்கு உன் புருஷன் துருவட்டும். கை பழகிருச்சு அவனுக்கு. இன்னிக்கு அந்த டின்னைத் திற."

சொல்லிவிட்டு முக்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. விரலை மட்டும் தயாராக நீட்டிக்கொண்டிருந்தார்.