பழைய சம்பளம் எவ்வளவு?

பதுளையில் ஒரு தனியார் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, எல்ல நகரில் ஒரு ஹோட்டலில் அதே மாதிரி வேலைக்கு விண்ணப்பித்தேன். பழைய சம்பளம் எவ்வளவு என்று முதலில் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், பிறகு போனில் கேட்டார்கள். இரண்டு தடவையும் நேரில் பேசலாம் என்றேன். நேர்முகத் தேர்விலும் மேனேஜர் அதையே கேட்டபோது எனக்கு அலுத்துவிட்டது. பழைய இடத்தில் கொடுத்தது மிகக் குறைவு. சொன்னால் அதன்மேல் இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

“அத சொல்ல விரும்பலங்க சார். சர்விஸ் லெட்டர் தந்திருக்கேன், என்ன வேல, எத்தன வருசம்னு அதுல இருக்கு. இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?”

“எல்லாரும் சொல்றாங்களே. உங்களுக்கு மட்டும் என்ன?”

“பொய்யா கூட்டிச் சொல்ல மனசில்லங்க, அதான். நான் எழுபதாயிரம் எதிர்பாக்கிறேன்.”

அவர் என் விண்ணப்பத்தைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தார். “அறுபதுலருந்து அறுபத்தஞ்சு வரைக்கும்தான் இருக்கு,” என்றார்.

இந்தத் தொகையை அவர்கள் முதல் மெசேஜிலேயே போட்டிருக்கலாம். அறுபத்தைந்துக்கு ஒப்புக்கொண்டேன். வேலை கிடைத்தும், பஸ் பதுளைக்கு வந்து சேரும்வரை கோபம் தணியவில்லை.