விளக்கு வைத்த பிறகு தலை வாருகிறவள்

எங்கள் தெருவில் விளக்கு வைத்த பிறகு தலை வாருகிறவள் சுப்புத்தாய் ஒருத்திதான். மற்ற வீடுகளில் அந்த நேரத்தில் சீப்பைத் தொட்டாலே வசவு விழும். வீட்டுக்கு ஆகாது, தரித்திரம் பிடிக்கும் என்பார்கள். அவள் வாசல் பல்பைப் போட்டு, வெள்ளைத் துண்டை விரித்து, பேன் சீப்போடு உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் குந்தும். எதிர்வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் நான் தினமும் பார்க்கிறேன். கிறுக்கி என்று தெரு சொல்கிறது. சொல்கிறவர்கள்தான் பிள்ளைகளையும் அனுப்பிவைக்கிறார்கள், வெட்கங்கெட்டதுகள்.

ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் சீப்பை எடுக்க மாட்டாள். குனிந்து அதன் உச்சந்தலையை மோந்து பார்ப்பாள். பிறகுதான் கை வைப்பாள். ஏன் மோக்கிறாள் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

அவளுக்கு இசக்கிச்செல்வி என்று ஒரு மகள் இருந்தாள். நாலாம் வகுப்பு. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அந்த முடியில் பேன் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தாள். கூடப் படித்ததுகள் செல்வி என்று கூப்பிடாமல் ‘பேனு’ என்று கூப்பிட்டன. பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதது.

சுப்புத்தாய் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள். விடியக் கருக்கலில் வேன் வந்து ஏற்றிப் போகும். திரும்ப இறக்கிவிடும்போது தெருவில் விளக்கு எரியும். அப்புறம் சீப்பைத் தொடக் கூடாது. செவ்வாய், வெள்ளி பேன் பார்க்கக் கூடாது. ஆக அவளுக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்றைக்குப் பேனை எல்லாம் எடுப்பாள். முடியில் ஒட்டிக்கொண்ட ஈர் அடுத்த ஞாயிறுக்குள் பொரித்துவிடும். போதாததற்குத் தாயும் மகளும் ஒரே பாயில் ஒரே தலையணையில் படுப்பார்கள். தன் தலையை அவள் யாரிடமும் காட்டியதில்லை. பெரிய மனுஷி தலையில் பேன் என்றால் கேவலம் இல்லையா?

அவள் வீட்டுக்காரன் சோலைராஜ் பருத்திக்கு மருந்தடிக்கப் போகிறவன். மிச்சம் இருந்த பாட்டில் வீட்டுக்குப் பின்னால் கூரை இறவாணத்தில் சொருகிக் கிடந்தது. பருத்திப் புழுவே சாகிறது, பேன் சாகாதா என்பது இந்தக் கரிசக்காட்டில் ஊருக்கு ஊர் சொல்கிற பேச்சு. சுப்புத்தாய் அதைத் தேங்காயெண்ணெயில் கொஞ்சம் கலந்து மகள் தலையில் தேய்த்து, துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிள்ளை சொறிந்து சொறிந்து தலையெல்லாம் புண். அந்தப் புண் வழியாக விஷம் உள்ளே போனது.

வாயில் நுரை தள்ளி, வியர்த்துக் கொட்டி, மூச்சு முட்டி, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோகும்போது மடியில் கிடந்த தலையில் அந்தத் துணி அப்படியே இருந்ததாம். அவிழ்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்ததும் சுப்புத்தாய் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் ஜீனாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். “நான் என்ன செஞ்சிருக்கணும்?” ஜீனா அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்தாள். கேட்டதை அவள் ஒன்றுவிடாமல் செய்கிறாள். முடியை நனைத்து எண்ணெய் தடவி, பெரிய சீப்பால் சிக்கெடுத்து, வகிடு வகிடாகப் பிரிக்கிறாள். பேன் சீப்பின் பல் மண்டையைத் தொட வேண்டும். அங்கேயிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் துண்டில் துடைத்துப் பார்க்கிறாள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இன்னொரு தடவை. தட்டினால் உதிர்வது பொடுகு, உதிராமல் முடியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஈர். ஒரு தலை முடிந்தால் சீப்பு கொதிக்கிற வெந்நீருக்குள் போகும், அடுத்த தலைக்கு வேறு சீப்பு. மூன்று நாள் கழித்து அதே பிள்ளையை மறுபடி கூப்பிடுவாள். துண்டில் ஒன்றும் விழாத வரைக்கும் விடமாட்டாள்.

“பேன் பறக்காதுட்டி, துள்ளாது. தலையும் தலையும் ஒட்டுனா ஏறிக்கிடும். ஒண்ணா முட்டிக்கிட்டு போன் பாக்காதிய. ரிப்பனு, சீப்பு மாத்தாதிய” என்று வாய் ஓயாமல் சொல்வாள்.

அவளோடு மல்லுக்கு நின்றது பக்கத்து வீட்டு மாடத்தி, சோலைராஜின் அக்கா. “அந்தி நேரத்துல தலைய விரிச்சுப் போட்டு ஒக்காந்திருக்கா. ஒரு பிள்ளைய வாரிக் குடுத்தும் புத்தி வரல” என்று என் காதுபடவே சொன்னாள். எனக்குக் கத்தரிக்கோலை எடுத்து அவள் நாக்கை நறுக்கலாமா என்றிருந்தது. தன் மகள் முத்துமாரியை அந்தப் பக்கம் விடவே மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அந்தி. சுப்புத்தாய் வேனில் இருந்து இறங்கி வந்தாள். மாடத்தி வீட்டு வாசலில் முத்துமாரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே மாடத்தி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுப்புத்தாய் நடந்துபோனவள் நின்றாள். சாப்பாட்டுத் தூக்கு கையில் இருந்து விழுந்து உருண்டது.

“மைனி, என்னத்தத் தேச்சிய?”

“பாட்டில் மருந்தா தேப்பேன்? நான் என்ன ஒன்னை மாதிரியா? மண்ணெண்ணெய்தான். ஏட்டி மாரி, உள்ள வா, விளக்கப் பொருத்து.”

பிள்ளை எழுந்து உள்ளே போனது. மாடத்தி தீப்பெட்டியை நீட்டினாள். சுப்புத்தாய் பாய்ந்து உள்ளே போய்ப் பெட்டியைத் தட்டிவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருக் குழாய்க்கு ஓடினாள். நானும் சோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். துண்டை உருவித் தூர எறிந்து, கழுவினோம், கழுவினோம், எண்ணெய் நாற்றம் போகிற வரைக்கும் கழுவினோம். சுப்புத்தாய் ஒவ்வொரு தரமும் மோந்து பார்த்தாள். பிள்ளை பயந்து கத்தியது. தலையெல்லாம் சொறிந்த புண், மண்ணெண்ணெய் பட்டுச் சிவந்து கிடந்தது.

“நாளைக்கு ஜீனாகிட்டக் கூட்டிப் போறேன், லோஷன் தருவா. இப்ப சீவுதேன்” என்று சொல்லி மாடத்தி வாசலிலேயே உட்கார்ந்தாள். வெள்ளைத் துண்டை நான் கொண்டுவந்து விரித்தேன்.

மாடத்திக்கு அப்போதும் முகம் கறுத்துத்தான் இருந்தது. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைக்க நேரத்துல வீட்டு வாசல்ல...” என்று இழுத்தாள்.

சுப்புத்தாய் சீப்பை நிறுத்தவில்லை. தலை நிமிரவும் இல்லை.

“வெள்ளிக்கிழம சீவக் கூடாதுன்னிய, சீவல மைனி. விளக்கு வச்ச பொறவு கூடாதுன்னிய, சீவல. எல்லாத்தையும் கேட்டேன். அந்தப் பாட்டில நான் எடுக்கும்போது நீங்க அங்கனதான நின்னிய. அது கூடாதுன்னு மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லல?”

துண்டில் பேன்கள் ஊர்ந்தன. மாடத்தி பிடித்திருந்த தூணை விட்டாள். பிறகு மெதுவாக வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

சுப்புத்தாய் முதலில் அதை மோந்து பார்த்தாள்.